வெறும் சேலைப் படம்: நெசவா, பராமரிப்பா, டிசைனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் ஒரு கைத்தறிச் சேலைக் கடைக்கு வாட்ஸப்பில் வரும் படங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. வருவதில் நிறைய படங்களில் ஒரு சொல்கூட இருக்காது. அனுப்பியவர் மனதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: இது என்ன நெசவு, இதை எப்படிக் காப்பாற்றுவது, இதே மாதிரி நெய்ய முடியுமா. அதைச் சுற்றி வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படத்தை வைத்தே நான் கேட்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

சேலையைப் பார்ப்பதற்கு முன் படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். நெசவைத் தெரிந்துகொள்ள நினைப்பவர் கரையும் முந்தியும் தெரியும்படி சேலையை விரித்துப் போடுவார். மடிப்பைச் சரிசெய்து, கொஞ்சம் அழகாக வைத்துத்தான் எடுப்பார். பராமரிப்பு கேட்பவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. கேமரா ஒரே இடத்தை நெருங்கிப் போயிருக்கும், அந்த இடம் படத்தின் நடுவில் இருக்கும், கரை பாதியில் வெட்டுப்பட்டிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. கட்டில், குளியலறைக் கதவு, கொடி, ராத்திரி டியூப்லைட் வெளிச்சம் இதெல்லாம் பின்னால் தெரிந்தால் ஏதோ ஆகிவிட்டது, பதற்றத்தில் எடுத்த படம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டிசைன் கேட்பவர் அனுப்புவது அநேகமாக அவருடைய சேலையாகவே இருக்காது. யாரோ கட்டியிருக்கும் படம், ஸ்க்ரீன்ஷாட், கல்யாணத்தில் தூரத்திலிருந்து எடுத்தது, அப்படி ஏதாவது. படத்தின் மேலே ஃபோனின் நேரமும் பேட்டரியும் தெரிந்தால் அது ஸ்க்ரீன்ஷாட். துணி அவர் கையில் இல்லை என்றால் பராமரிப்புக் கேள்விக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த ஊகம் எல்லா நேரமும் நிற்காது. அம்மாவின் பழைய சேலையை விரித்து எடுத்த படம் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் கேட்டுவிடுவதே நல்லது.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் அக்கா. வெறும் படம் வந்தால் முதல் பதில் என்ன போடுவது?

"என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்காதே தம்பி. பாதிப் பேர் அதற்குப் பதிலே போட மாட்டார்கள். தெரியாமல் கேட்டுவிட்டோமோ என்று கூச்சப்படுவார்கள். உன் கண்ணுக்குத் தெரிந்ததை ஒரு வரி சொல், உன் ஊகத்தை ஒரு வரி சொல், அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேள். "மாம்பழ மஞ்சள் உடல், பச்சைக் கரை, கரையில் ருத்ராட்சம் ஓடுகிறது. என்ன நெசவு என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கரையும் உடலும் சேரும் இடத்தைப் பின்பக்கம் திருப்பி ஒரு படம் அனுப்ப முடியுமா?" இது போதும். ஊகம் தப்பாக இருந்தால் அவரே திருத்திவிடுவார். ஒரு தப்பைத் திருத்துவது, புதிதாக விளக்கி எழுதுவதைவிட யாருக்கும் சுலபம்.

ஒன்றை மட்டும் முந்திக்கொள். படத்தில் ஈரமோ, புதுக் கறையோ, சாயம் இறங்கிய தடமோ தெரிந்தால் கேள்விக்காகக் காத்திருக்காதே. "தேய்க்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடு. நெசவும் டிசைனும் நாளைக்குப் பேசலாம். கறைக்கு அந்த அவகாசம் கிடையாது.

கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரை. இரண்டும் சேரும் இடத்தை விரலால் காட்டி ஒரு படம் அனுப்பினேன். அதில் உங்களுக்கு என்ன புரிந்தது?

அந்த விரல்தான் குழப்பியது. கரையும் உடலும் சேரும் கோட்டை ஒருவர் விரல் வைத்துக் காட்டினால், சேலை தெரிந்தவர்கள் வழக்கமாகக் கேட்பது "இது கோர்வையா?", அதாவது கரைக்குத் தனி ஊடை ஓட்டி உடலோடு கோத்து நெய்ததா, என்பதுதான். முதலில் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, விரலுக்குப் பக்கத்தில் மஞ்சள் உடல்மேல் லேசாகச் செம்மை படர்ந்திருந்தது.

இங்கே இரண்டு வாய்ப்பு. நெசவிலேயே நிறம் கலந்திருக்கலாம், அல்லது கரைச் சாயம் உடலில் இறங்கியிருக்கலாம். இரண்டையும் பிரிப்பது அந்தச் செம்மையின் ஓரம். நெசவில் வரும் கலப்பு நூலோடு ஓடும். கரை நெடுக ஒரே அகலத்தில், நேர்கோட்டில் போகும், கண்ணில் படும் இடமெல்லாம் அப்படியே இருக்கும். சாயம் இறங்கினால் அது ஈரம் போன வழியில் போகும். ஓரம் அலை அலையாக இருக்கும். நடுவில் வெளிறி, ஈரம் காய்ந்து நின்ற விளிம்பில் நிறம் கெட்டியாக ஒரு கோடு விட்டிருக்கும். உங்கள் படத்தில் செம்மை ஏறத்தாழ உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் இருந்தது, அதற்கு மேலும் கீழும் மஞ்சள் சுத்தமாக இருந்தது, விளிம்பில் அந்தக் கெட்டிக் கோடும் இருந்தது. அதனால்தான் "தண்ணீர் ஏதாவது பட்டதா?" என்று கேட்டேன்.

பின்னால் கட்டில் விரிப்பும் டியூப்லைட் வெளிச்சமும் தெரிந்தன. நெசவு பார்க்கச் சேலையை எடுத்தவர் ராத்திரியில், சுருட்டிப் போட்ட நிலையில் படம் எடுக்க மாட்டார். அதையும் சேர்த்துத்தான் அந்தப் பக்கம் சாய்ந்தேன்.

சரி, தண்ணீர்தான் பட்டது. அந்தக் கரைச் சாயம் உடலிலிருந்து போகுமா?

ஈரமாக இருக்கும்போதே என்றால் நல்ல வாய்ப்பு உண்டு. காய்ந்த பிறகு குறைவு.

ஈரமாக இருந்தால் சேலையைத் தட்டையாக விரித்து, அந்த இடத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பருத்தித் துணி, மேலே ஒன்று வைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. அடித்துணியில் நிறம் ஏறியதும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் எடுத்த சாயம் திரும்பவும் உள்ளே போகும். மடித்து வைக்காதீர்கள். மடித்த ஈரச் சேலையில் சாயம் அடுத்த மடிப்புக்கும் இறங்கி, ஒரு கறை நான்காகிவிடும். சோப்பு போடத் தோன்றும், போடாதீர்கள். பட்டுக்கு அதிகம் பயன்படுவது ஆசிட் வகைச் சாயம். சோப்பின் காரம் அதை நூலிலிருந்து இன்னும் இளக்கிவிடும்.

காய்ந்துவிட்டால் பலரும் டிரை கிளீனிங்குக்குத்தான் ஓடுகிறார்கள். எண்ணெய்க் கறைக்கு அது சரி. ஆனால் தண்ணீரில் கரைந்து இறங்கிய சாயத்தை அங்கே பயன்படும் கரைப்பான் இழுக்காது. கடைக்காரர் "போகவில்லை" என்று திருப்பிக் கொடுத்தால் அவர்மேல் வருத்தப்பட வேண்டாம். சாயத்தை உரிக்கும் மருந்து போட்டால் இறங்கிய சிவப்பு போகும், கூடவே அடியில் இருக்கும் மஞ்சளும் போகும். அந்த இடம் வெளுத்துத் திட்டாக நிற்கும். சாயப்பட்டறை அனுபவம் உள்ளவர் கையில் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

உங்கள் சேலையில் கறை உட்கார்ந்த இடத்தை அளந்து சொன்னீர்கள், உள் முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தது. கட்டும்போது அது இடுப்பில் செருகும் பகுதிக்குள் போய்விடும். அதனால் ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே கட்டுங்கள் என்றேன். பழைய பட்டுக்குப் பல நேரங்களில் தொடாமல் விடுவதே நல்ல வைத்தியம்.

ஒவ்வொரு முறையும் பின்பக்கப் படம் கேட்கிறீர்களே, எதற்கு?

முன்பக்கம் நெசவாளர் காட்ட நினைத்தது. எப்படி நெய்தார் என்பது பின்பக்கத்தில் இருக்கிறது.

கோர்வையை எடுத்துக்கொள்வோம். குறுக்கே ஓடும் நூல் ஊடை, நீளவாக்கில் இருப்பது பாவு, ஊடையைக் கொண்டுபோவது நாடா. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓடும். உடல் ஊடை கரைக்குள் போகாது. கரை ஊடை உடலுக்குள் வராது. சேரும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்பிவிடும். வழக்கமாக நெசவாளர் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, இன்னொரு பக்கத்து நாடாவைத் தள்ளிவிட ஓர் ஆள் கூட இருப்பார். சேலையைத் திருப்பினால் அந்தக் கவ்விய இடம் நீளவாக்கில் ஒரு மெல்லிய தடிப்பாக ஓடும். விரலால் தடவினால் தட்டும். முன்பக்கத்தில் அதை மறைக்கத்தான் கோபுரக்கரை மாதிரியான பல் பல்லான வடிவம் உதவுகிறது. ஆனால் பல் வடிவத்தை, டிசைனுக்கேற்பப் பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டி வைத்துக் கோர்வை இல்லாமலும் கொண்டுவரலாம். அதனால் முன்பக்கத்துப் பல்லைப் பார்த்துக் கோர்வை என்று நான் எழுத மாட்டேன்.

பின்பக்கம் கிடைக்காதபோது பார்க்க ஒரு வழி இருக்கிறது. கரையின் நிறம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். கோர்வையில் கரைக்குப் பாவும் ஊடையும் இரண்டுமே அரக்காக இருக்கும், அதனால் நல்ல கெட்டி அரக்காகத் தெரியும். ஒரே நாடாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நெய்த சேலையில், மஞ்சள் உடல் ஊடையே கரைக்குள்ளும் ஓடும். அப்போது கரை அரக்காக நிற்காது. அரக்கும் மஞ்சளும் கலந்து செங்கல் மாதிரியோ செம்பு மாதிரியோ மின்னும். பகல் வெளிச்சத்தில், சேலையைக் கொஞ்சம் சாய்த்து எடுத்த படத்தில் இது நன்றாகவே தெரியும்.

முந்திக்கும் இதே கணக்குதான். உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம் என்றால், முந்தியில் உடல் நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். பார்த்தால், பாவு அதேதான், ஊடை மட்டும் மாறியிருக்கிறது. முந்தி முழுக்கத் தனி நிறமாக நின்றால், அங்கே உடல் பாவை நிறுத்தி, முந்திப் பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் பிணைத்திருக்கிறார்கள். பிட்னி என்று சொல்வார்களே, அதுதான். அந்தச் சந்திப்பில் இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஒடுக்கமான ஒரு பட்டை தெரியும், பின்பக்கம் நறுக்கிய நூல் நுனிகள் தட்டுப்படும். ஒரு சேலை அகலத்துக்கு ஆயிரக்கணக்கான இழை இருக்கிறது. அத்தனையையும் விரலால் முறுக்கிச் சேர்த்த இடம் அது. படத்தில் அந்தப் பட்டையைப் பார்த்தால் நான் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கைத்தறியா, விசைத்தறியா? அதையாவது படத்தைப் பார்த்துச் சொல்லுங்களேன்.

விசைத்தறி என்று சில நேரம் உறுதியாகச் சொல்ல முடியும். கைத்தறி என்று படத்தை மட்டும் வைத்து உறுதி சொல்வது கடினம்.

சேலையின் ஓரத்தை, அதாவது கரையின் வெளிவிளிம்பை நெருக்கமாக எடுத்து அனுப்புங்கள். நாடா ஓடிய துணியில் ஊடை விளிம்புவரை போய், திரும்பி வரும். அதனால் ஓரம் மூடி, மழுமழுவென்று இருக்கும். நாடா இல்லாத ரேப்பியர் தறியில் ஒவ்வொரு ஊடையும் வெட்டுப்படும். ஓரத்தில் குட்டிக் குட்டி நூல் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது நுனியை உள்ளே மடித்துச் செருகியிருப்பார்கள். நெடுக அப்படி இருந்தால் அது கைத்தறி இல்லை. ஆனால் ஓரம் மூடியிருந்தால் கைத்தறி என்று திருப்பிச் சொல்லக் கூடாது. நாடா ஓடும் விசைத்தறியும் இருக்கிறதே. இளம்பிள்ளைப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு அந்தச் சத்தம் கேட்கும்.

ஓரத்தில் இருக்கும் ஊசி ஓட்டையைப் பார்த்துவிட்டு "அப்படியானால் கைத்தறி" என்று பலரும் சொல்கிறார்கள். நெய்யும்போது துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் முள் விட்ட தடம் அது. விசைத்தறியிலும் முள் வளையம் உண்டு, அதுவும் தடம் விடும். என் கணக்கில் அதற்கு மதிப்பெண் இல்லை.

இது அசல் பட்டா? ஜரிகை அசலா?

படத்தில் தெரியாது. யாராவது படத்தைப் பார்த்து அசல் என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

பட்டுக்கு நூல் வேண்டும். முந்திக் குஞ்சத்திலிருந்து உங்கள் கையாலேயே ஒரு இழையை எடுத்துக் கொளுத்துங்கள். பட்டு மயிர் கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி ஆகிவிடும். ரேயான் காகிதம் எரிவதுபோல எரியும். ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி. ஆனால் இழைக்குச் சிவப்புச் சாயம் போட்டும் விற்கிறார்கள், அதனால் அது முடிவு இல்லை. வெள்ளி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

லேபிளைப் படம் எடுத்து அனுப்பினால் போதுமா?

உதவும். சில்க் மார்க் இருந்தால் நூல் பட்டு என்று பொருள், கைத்தறி என்று அது சொல்லவில்லை. ஹேண்ட்லூம் மார்க் இருந்தால் கையால் நெய்தது என்று பொருள், பட்டு என்று அது சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் உண்டு.

காஞ்சிபுரம்தானே? ஒரு வார்த்தை 'ஆமாம்' என்று சொல்லிவிடுங்கள்.

சொல்ல மாட்டேன். படத்திலிருந்து நெசவைப் படிக்கலாம், ஊரைப் படிக்க முடியாது. கோர்வை ஆரணியிலும் நெய்கிறார்கள், சேலத்திலும் நெய்கிறார்கள். டிசைனைத் துளையாகக் குத்திய ஜக்கார்டு அட்டை ஊர் விட்டு ஊர் போகும், நெசவாளரும் சம்பந்தம், பிழைப்பு என்று ஊர் விட்டு ஊர் போகிறார். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, சேலம் வெண்பட்டுக்கும் இருக்கிறது. அந்தப் பெயரை ஊகத்தில் ஒட்டினால், விற்பவர் அதை வைத்தே விலை பேசிவிடுவார். "கோர்வை நெசவு, பிட்னி முந்தி, கரையில் தாழம்பூ ரேக்கு, உடலில் மயில்கண்" என்று கண்ணால் பார்த்ததை எழுதிக் கொடுப்பேன். வாங்கிய ரசீது இருந்தால் ஊர் அதில் இருக்கும்.

ஏற்காட்டில் வீடு. பீரோவிலிருந்து எடுத்த சேலையில் புள்ளி புள்ளியாக ஏதோ. படம் அனுப்பியிருக்கிறேன்.

புள்ளி என்றதும் பூஞ்சணம் என்று முடிவுகட்ட வேண்டாம். புள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஜரிகையின் மேல் மட்டும் கறுத்து, பக்கத்துப் பட்டு சுத்தமாக இருந்தால் அது ஜரிகை கறுத்தது. மடிப்புக் கோட்டில் மட்டும் வரிசையாக இருந்தால் மடிப்பில் பழுப்பேறியது. பட்டு, ஜரிகை என்று பாராமல் ஒழுங்கில்லாமல் சிதறி, சாம்பலோ வெள்ளையோ பூத்த மாதிரி இருந்து, முகர்ந்தால் ஈர மண் வாடை வந்தால் அதுதான் பூஞ்சணம். உங்கள் படத்தில் மூன்றாவதுதான் தெரிகிறது. சேர்வராயன் மலையில் மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நிற்கும்போது, சுவரை ஒட்டிய இரும்பு பீரோவின் பின்பக்கம் வியர்த்துவிடும். கீழே சேலத்தில் அதே சேலை அதே மாதிரி வைத்தாலும் இப்படி ஆகியிருக்காது.

நனைக்காதீர்கள். ஈரம் பட்டால் பூஞ்சணம் நூலுக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகிவிடும். சேலையை வெளியே கொண்டுபோய், வெயில் நேரடியாகப் படாத, காற்று வரும் இடத்தில் விரித்துப் போட்டு நன்றாக உலர விடுங்கள். அப்புறம் மென்மையான பிரஷால் ஒரே திசையில் தட்டி எடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் மற்ற சேலைகளில் போய் உட்காரும். பூ உதிர்ந்த பிறகும் அடியில் பழுப்போ கறுப்போ தங்கினால், அதை டிரை கிளீனரிடம் "பூஞ்சணக் கறை" என்று சொல்லியே கொடுங்கள்.

திரும்ப வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அந்துருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து வைத்தால் பூச்சிக்கு ஆகும், ஈரத்துக்கு ஆகாது. ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம்தான், அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். மழை விட்டதும் எல்லாவற்றையும் எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள்.

கல்யாணத்துக்கு எடுத்த வெண்பட்டு வேட்டி மஞ்சளாகிவிட்டது. வெள்ளைத் துணிதானே, கொஞ்சம் பிளீச் போடலாமா?

போடவே கூடாது. வெள்ளைப் பருத்திக்குப் போடும் குளோரின் பிளீச் பட்டு நூலையே கரைத்துவிடும். பட்டு புரதம், பருத்தி அப்படி இல்லை. வேட்டி முதலில் இன்னும் மஞ்சளாகி, அப்புறம் இத்துப்போகும்.

காரமில்லாத திரவ சோப்பு, குளிர்ந்த தண்ணீர், முறுக்காமல் பிழிவது, நிழலில் உலர்த்துவது, உள்பக்கம் திருப்பிக் குறைந்த சூட்டில் இஸ்திரி. இதில் வியர்வை மஞ்சள் கொஞ்சம் விலகும். வெளிச்சத்திலும் காலத்திலும் ஏறிய பழுப்பு முழுக்கப் போகாது. பழைய வெண்பட்டு லேசான சந்தன நிறத்தில் இருப்பது அதன் வயசு.

இந்த ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கிற மாதிரியே எனக்கு ஒரு சேலை நெய்து தருவீர்களா?

முதலில் அது நெய்த டிசைனா, அச்சடித்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு இதழுக்குள்ளேயே இளஞ்சிவப்பு மெல்ல மெல்ல அடர்ந்து போகிறது, கோடு பென்சிலால் வரைந்த மாதிரி இழைகிறது என்றால் அது அச்சு. தறியில் அப்படி வராது. புட்டாவில் எத்தனை நிறமோ அத்தனை ஊடை வேண்டும், நிறம் ஒவ்வொன்றும் வெட்டினாற்போல நிற்கும்.

நெய்யக்கூடியது என்றால் அடுத்தது அளவு. ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கி இருக்கிறது, ஒரு கொக்கிக்கு ஓர் இழை, துணியில் அங்குலத்துக்கு 80 இழை என்று வைத்துக்கொள்வோம். உருவம் அதிகபட்சம் 3 அங்குல அகலம். அதற்குமேல் வேண்டுமானால் பெரிய பெட்டி வேண்டும், அல்லது அதே உருவத்தைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். உயரத்துக்கு, ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. அங்குலத்துக்கு 60 ஊடை என்றால் 2 அங்குல மயிலுக்கு 120 அட்டை. மயிலின் கழுத்து வளைவை கிராப் தாளில் போடும்போது அது படிப்படியாகத்தான் இறங்கும். இழை நெருக்கமாக இருந்தால் படி கண்ணுக்குத் தெரியாது, ஆறடி தூரத்தில் வளைவாகிவிடும். இழை நெருக்கமில்லாத பருத்தியில் அதே மயில் வாத்து மாதிரி ஆகிவிடும், அதற்கு வைர ஊசி, முத்துக் கட்டம் மாதிரி நேர்கோட்டு வேலைதான் அழகு. இப்போது நிறையப் பேர் கம்ப்யூட்டரில் கிராப் போடுகிறார்கள். 1960-இல் தொடங்கிய சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து வந்த பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். ஆனாலும் எந்த வளைவை விடுவது, எதைக் காப்பாற்றுவது என்று மனிதர்தான் முடிவு பண்ண வேண்டும்.

இதற்காகத்தான் டிசைன் படத்தோடு அளவு கேட்கிறேன். சேலை கையில் இருந்தால் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் என்றால், கட்டியிருப்பவரின் உள்ளங்கையை வைத்து நானே குத்துமதிப்பாக அளந்துகொள்வேன்.

அந்த டிசைன் யாராவது பதிவு செய்து வைத்ததாக இருந்தால் நெய்ய மாட்டோம். பதிவுக்கு முதலில் 10 ஆண்டு பாதுகாப்பு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. அன்னம், மாங்காய், இருதலைப்பட்சி எல்லாம் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அவற்றை எடுத்துப் புதிதாக வரைந்து தரலாம்.

ஒரே ஒரு சேலைதான் வேண்டும். அதற்கு ஏன் இவ்வளவு விலை சொல்கிறீர்கள்?

நீங்கள் மாற்றச் சொல்வது பாவிலா, ஊடையிலா என்பதைப் பொறுத்தது. பாவு ஒரே சேலைக்கு ஓட்டுவதில்லை, வழக்கமாக மூன்று நான்கு சேலைக்குச் சேர்த்து ஓட்டுவார்கள். கரையின் நிறத்தையோ அகலத்தையோ மாற்றச் சொன்னால் பாவே புதிது. மீதிச் சேலைகளை யார் வாங்குவது என்ற கேள்வி நெசவாளர் தலையில் விழும். உடல் ஊடையின் நிறம், புட்டா, முந்தி வேலை இதெல்லாம் ஊடையில் வருவது. ஏற்கெனவே தறியில் ஏறியிருக்கும் பாவிலேயே உங்களுக்கென்று ஒரு சேலையை மாற்றி நெய்யலாம். அதனால், ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பும்போது "கரை எது இருந்தாலும் பரவாயில்லை, இந்த முந்திதான் வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் விலை பாதி வழி இறங்கும்.

படத்தில் இருக்கிற அதே அரக்கு நிறம் கிடைக்குமா?

படத்தை வைத்து வாக்குக் கொடுக்க மாட்டேன். டியூப்லைட்டில் அரக்கு கத்தரிப்பூப் பக்கம் போகும், மஞ்சள் பல்பில் செங்கல் பக்கம் போகும், ஃபோன் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் திருத்தும். காலை நேரம், ஜன்னலோரம், நிழலில், ஃப்ளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்து அனுப்புங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சேலை நிறமும் ஏறக்குறைய சரி. சாயப்பட்டறைக்குக் கொடுக்க அதுவும் போதாது. பழைய ரவிக்கைத் துண்டோ, குஞ்சத்திலிருந்து நான்கு இழையோ ஒரு கவரில் போட்டு அனுப்பிவிடுங்கள். சாயம் போடுபவர் அந்த இழையைத்தான் ஈர நூல் சிட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரத்தில் நிறம் கறுத்துத் தெரியும் என்பதால், ஒரு நுனியைக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை முக்குவார்.